அலமாரியில் இருபது, விற்க ஆறு: ஒருவரே நடத்தும் இணையக் கடையின் ஆர்டர், இன்வாய்ஸ், கையிருப்புக் கணக்கு

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில், வீட்டின் முன்னறையில் ஓர் அலமாரியை வைத்துக்கொண்டு, கறித்தூளும் முறுக்கு மாவும் இணையத்தில் விற்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்து இன்று கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை செய்பவர்கள் அவருடைய இணையத்தளத்தில் வாங்குகிறார்கள். பக்கத்துத் தாமான்காரர்கள் வாட்ஸ்அப்பில் சொல்லிவைக்கிறார்கள். அரைப்பது, அடைப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது, கூரியரில் போடுவது என எல்லாம் அவர் ஒருவரே. இப்படிப்பட்ட கடையில் குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: ஒரு பொட்டலம் எந்த நொடியில் 'விற்றதாக' ஆகிறது என்பது முடிவு செய்யப்படாமல் இருக்கிறது. ஆர்டர் வந்ததும் அனுப்பும் மின்னஞ்சல், இன்வாய்ஸ், கையிருப்பு எண்ணிக்கை ஆகிய மூன்றும் அந்த ஒரு கேள்வியைச் சார்ந்தே நிற்பதால், முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஓர் ஆர்டருக்கு மூன்று தருணங்கள் உண்டு. வாடிக்கையாளர் ஆர்டர் கொடுப்பது முதல் தருணம். பணம் நம் கைக்கு வருவது இரண்டாவது. பொருள் வீட்டை விட்டுப் போவது மூன்றாவது. கடைத்தெருவில் இந்த மூன்றும் ஒரே நிமிடத்தில் நடந்துவிடுவதால் யாரும் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இணையக் கடையில் அவற்றுக்கிடையே மணிக்கணக்கும் நாள்கணக்கும் இடைவெளி விழுகிறது; அந்த இடைவெளிக்குள் வேறொருவர் அதே பொட்டலத்தைக் கேட்டுவிடுகிறார்.

ஆகவே கையிருப்புக்கு இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, அலமாரியில் கண்ணுக்குத் தெரிந்து கிடக்கும் பொட்டலங்களின் எண்ணிக்கை. மற்றொன்று, புதிதாக வரும் ஒருவருக்கு இன்னும் விற்கக்கூடிய எண்ணிக்கை. யாருக்கோ ஒதுக்கப்பட்டுவிட்ட ஆனால் இன்னும் வீட்டிலேயே இருக்கும் பொட்டலங்கள்தாம் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இணையத்தளம் வாங்குபவருக்குக் காட்ட வேண்டியது இரண்டாவது எண்ணை மட்டுமே.

ஒரு நாளின் கணக்கைப் பார்ப்போம்

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரு திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ மீன் கறித்தூள் அலமாரியில் 20 பொட்டலங்கள் இருக்கின்றன. விலை 15 ரிங்கிட். யாருக்கும் எதுவும் ஒதுக்கவில்லை என்பதால் விற்கக்கூடியதும் 20தான்.

காலை ஒன்பது மணிக்கு ஒருவர் எஃப்.பி.எக்ஸ் வழியாகத் தன் வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் செலுத்தி 3 பொட்டலங்கள் வாங்குகிறார். பத்து மணிக்கு மற்றொருவர் 5 பொட்டலங்கள் கேட்டு, பணத்தைப் பிறகு வங்கிக்கு மாற்றுவதாகத் தெரிவு செய்கிறார். நண்பகலில் பக்கத்துத் தாமான் அக்காள் வாட்ஸ்அப்பில், “எனக்கு நாலு பொட்டலம் எடுத்து வைங்க தம்பி, சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்” என்கிறார். இரண்டு மணிக்கு இன்னொருவர் 2 பொட்டலங்களுக்கு எஃப்.பி.எக்ஸைத் தெரிவு செய்து வங்கியின் பக்கம் வரை போகிறார். அதன் பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை.

இப்போது அலமாரியைப் பார்த்தால் இன்னும் 20 பொட்டலங்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் 3, 5, 4, 2 ஆகியவற்றைக் கழித்தால் விற்கக்கூடியது 6 மட்டுமே. யாராவது பத்துப் பொட்டலம் கேட்டால், அலமாரியைப் பார்த்துப் பதில் சொல்பவர் சரி என்று சொல்லிவிட்டு, நான்கு நாள் கழித்து மன்னிப்புக் கேட்க வேண்டிவரும்.

இணையத்தளமே இல்லாமல் கணக்கை ஒரு விரிதாளில் வைத்திருப்பவர்கள், B நெடுவரிசையில் அலமாரி எண்ணிக்கையையும், C இல் பணம் வந்து இன்னும் அனுப்பாததையும், D இல் பணம் வராமல் ஒதுக்கி வைத்திருப்பதையும் எழுதி, E இல் இந்தச் சூத்திரத்தை இட்டால் போதும்:

```
=B2-C2-D2
```

C ஐயும் D ஐயும் ஏன் தனித்தனியாக வைக்க வேண்டும் என்றால், C இல் உள்ளவை நாம் கடமைப்பட்டவை, D இல் உள்ளவை நாம் காத்திருப்பவை. காத்திருப்புக்கு ஒரு கெடு இருக்க வேண்டும். கடமைக்கு அது பொருந்தாது.

வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருளில் இந்த வேலையை ஆர்டரின் 'நிலை' செய்கிறது. எஃப்.பி.எக்ஸ் பணம் வந்துசேர்ந்த ஆர்டர் `Processing` என்ற நிலைக்குப் போகிறது. வங்கிக்குப் பணம் மாற்றுவதாகச் சொன்ன ஆர்டர் `On hold` என்ற நிலையில் நிற்கிறது. இரண்டிலும் கையிருப்பு எண் உடனே குறைந்துவிடும். வங்கிப் பக்கத்தில் நின்றுபோன இரண்டு மணி ஆர்டர் `Pending payment` நிலையில் இருக்கும். அதற்குரிய பொட்டலங்கள் தற்காலிகமாகப் பிடித்து வைக்கப்படும். அமைப்புப் பக்கத்தில் `Hold stock (minutes)` என்று ஒரு கட்டம் இருக்கிறது. நாம் மாற்றாத வரை அதில் 60 என்று இருக்கும். அறுபது நிமிடத்துக்குள் பணம் வராவிட்டால் அந்த ஆர்டர் தானாக ரத்தாகி, பொட்டலங்கள் மீண்டும் விற்பனைக்கு வந்துவிடும்.

புதியவர்கள் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்த அறுபது நிமிடக் கெடு `Pending payment` ஆர்டர்களுக்கு மட்டுமே உரியது. `On hold` ஆர்டரை அது தொடுவதில்லை. ஆகவே பணம் மாற்றுவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோனவர்களின் ஐந்து பொட்டலம், மூன்று பொட்டலம் எல்லாம் மாதக்கணக்கில் பிடிபட்டே கிடக்கும்; அலமாரி நிறைந்திருக்க, இணையத்தளம் 'கையிருப்பு இல்லை' என்று காட்டும். இந்த அறிகுறி தெரிந்தால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் `On hold` பட்டியல்தான். ஒருநாள் அல்லது இரண்டு நாள் என்று நாமே ஒரு கெடு வைத்து, அதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே எழுதி, கெடு கடந்ததைக் கையால் ரத்து செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த நான்கு பொட்டலங்களைப் பற்றி மென்பொருளுக்கு எதுவும் தெரியாது. அக்காளின் செய்தியைப் படித்த கையோடு, கடையின் நிர்வாகப் பக்கத்தில் அவர் பெயரில் ஓர் ஆர்டரை நாமே உருவாக்கி `On hold` என்று வைத்துவிட்டால், அதுவும் மற்ற ஆர்டர்களோடு ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். அரை நிமிட வேலையாக இருந்தாலும், இரட்டை விற்பனையை இதைவிட நன்றாகத் தடுக்கும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. பாசார் மாலாமில் கடை போடுபவர்களும் அப்படியே, எடுத்துச் செல்லும் பொட்டலங்களைக் கிளம்புவதற்கு முன்பே இணையக் கணக்கிலிருந்து குறைத்துவிட்டு, மீந்து வந்ததை இரவு திரும்பியதும் ஏற்றலாம்.

செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது என்று தொடர்ந்து பார்ப்போம். முதல் ஆர்டரின் 3 பொட்டலங்கள் கூரியரில் போகின்றன. அலமாரியில் இப்போது 17. ஆனால் விற்கக்கூடிய எண் மாறவில்லை, ஏனென்றால் அவை நேற்றே கழிக்கப்பட்டுவிட்டன. பத்து மணிக்காரரின் ஒருநாள் கெடு முடிந்தும் பணம் வராததால் அவருடைய 5 பொட்டலங்கள் விடுவிக்கப்படுகின்றன. இரண்டு மணிக்காரரின் 2 பொட்டலங்கள் நேற்று மூன்று மணிக்கே தானாக விடுவிக்கப்பட்டுவிட்டன. ஆக, விற்கக்கூடியது 6 உடன் 5 உம் 2 உம் சேர்ந்து 13.

அந்த நேரத்தில் இரண்டு மணிக்காரர், பணம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று செய்தி அனுப்புகிறார். இது அரிதாக நடப்பதன்று. வங்கி பணத்தை எடுத்துக்கொண்ட பிறகு, வங்கிக்கும் நம் கடைக்கும் இடையே பணத்தைக் கையாளும் சேவையான கட்டண கேட்வே, நம் இணையத்தளத்துக்குப் பின்புறமாக ஒரு தகவலை அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் தாமதமானாலோ, நம் தளம் அந்த நேரத்தில் பதிலளிக்காமல் போனாலோ, பணம் வந்திருந்தும் ஆர்டர் ரத்தானதாகவே நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பும் திரைப்பிடிப்பை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், கேட்வேயின் கணக்குப் பக்கத்தில் அந்த ஆர்டர் எண்ணைத் தேடி, பணம் வந்ததாக இருந்தால் ஆர்டரை `Processing` நிலைக்கு மாற்ற வேண்டும். விற்கக்கூடியது மீண்டும் 11 ஆகும். அலமாரியில் 17, அதில் அக்காளுக்கு 4, இவருக்கு 2, மீதி 11. இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதே கணக்கு சரியாக இருப்பதற்கான அடையாளம்.

இதற்குள் அந்த 13 ஐயும் வேறு யாராவது வாங்கி முடித்திருந்தால், கையிருப்பு எண் சுழியத்துக்குக் கீழே போய் −2 என்று காட்டும். கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் கண்டால் அதைத் திருத்திச் சுழியமாக்கிவிடக்கூடாது. பணம் கொடுத்தவர்களுக்கு இரண்டு பொட்டலம் குறைகிறது என்று மென்பொருள் நமக்குச் சொல்லும் செய்தி அது. அரைத்துக் கொடுக்க முடியுமா, பணத்தைத் திருப்ப வேண்டுமா என்று அன்றே முடிவு செய்ய வேண்டும்.

எந்த மின்னஞ்சல், எப்போது

மூன்று தருணங்களுக்கும் மூன்று மின்னஞ்சல்கள் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஆர்டர் வந்ததும் செல்வது முதல் மின்னஞ்சல். ஆர்டர் கிடைத்ததைத் தாமதமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மலேசியாவின் மின்வணிகப் பயனீட்டாளர் விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஆனால் பணம் வராத நிலையில் அந்த மின்னஞ்சல் “உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது” என்று சொன்னால், நாம் இன்னும் கொடுக்காத வாக்கை அது கொடுத்துவிடுகிறது. “உங்கள் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தது, பணம் வந்ததும் உறுதி செய்து எழுதுவோம்” என்பதே உண்மை நிலை. ஆர்டர் எண், பொருளும் அளவும், கூரியர் கட்டணம் சேர்த்த மொத்தத் தொகை, வங்கிக் கணக்கு எண், பணம் மாற்றும்போது குறிப்பில் எழுத வேண்டிய எண், கெடு நாளும் நேரமும் ஆகியவை இதில் இருக்க வேண்டும். கெடுவை 'இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்' என்று எழுதுவதைவிட 'செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள்' என்று எழுதினால் யாருக்கும் ஐயம் எழாது.

பணம் வந்ததும் செல்வது இரண்டாவது மின்னஞ்சல். உறுதி என்ற சொல்லும் இன்வாய்ஸும் இதில்தான் வர வேண்டும். கூரியர் எண்ணோடு செல்வது மூன்றாவது.

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் “என் ஆர்டர் வந்ததா?” என்று அடிக்கடி கேட்கத் தொடங்கினால், மின்னஞ்சல்கள் ஸ்பாம் பெட்டிக்குப் போகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். சொந்த இணையத்தளத்திலிருந்து புறப்படும் மின்னஞ்சலில் அனுப்புநராக ஒரு ஜிமெயில் முகவரியைப் போட்டிருப்பது பரவலான காரணம். கூகுளின் சேவையகத்திலிருந்து வராத ஒரு மின்னஞ்சல் தன்னை ஜிமெயில் என்று சொல்லிக்கொள்வது போலி அடையாளமாகவே கருதப்படும். ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் அனுப்பும் எவரும் 2024 பிப்ரவரி முதல் மின்னஞ்சல் உண்மையில் அந்தத் தளப்பெயருக்குரியதே என்று காட்டும் SPF அல்லது DKIM என்ற சரிபார்ப்புகளில் ஒன்றையாவது தங்கள் தளப்பெயருக்கு அமைத்திருக்க வேண்டும். கடையின் தளப்பெயரிலேயே ஒரு முகவரியை உருவாக்கி, மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக அனுப்பி, அந்தச் சேவை தரும் பதிவுகளைத் தளப்பெயரின் அமைப்பில் சேர்த்தால் இது தீரும். தீர்ந்ததா என்று பார்க்க, உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை ஆர்டர் போட்டு, வந்த மின்னஞ்சலில் `Show original` என்பதைத் திறந்தால், SPF, DKIM ஆகியவற்றுக்கு எதிரே `PASS` என்று இருக்க வேண்டும்.

இன்வாய்ஸின் எண்

ஆர்டர் எண்ணையே இன்வாய்ஸ் எண்ணாகப் போடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அது பின்னால் தொல்லை தரும். நம் எடுத்துக்காட்டில் பத்து மணிக்காரரின் ஆர்டர் ரத்தாகிவிட்டது. ஆர்டர் எண்ணே இன்வாய்ஸ் எண்ணாக இருந்தால், வரிசையில் அந்த இடம் காலியாக நிற்கும். இரண்டு ஆண்டு கழித்து அந்த இன்வாய்ஸ் எங்கே என்று கேட்டால், அது விற்கவே இல்லை என்று நிரூபிக்க வேண்டிவரும். அத்துடன் வூகாமர்ஸில் ஆர்டர் எண்கள் இயல்பாகவே இடைவெளி விட்டுத்தான் வருகின்றன. இன்வாய்ஸுக்குத் தனி வரிசை வைத்து, பணம் வந்த நேரத்தில் மட்டும் அடுத்த எண்ணைக் கொடுத்தால், INV-0087 ஐ அடுத்து INV-0088 என்று இடைவெளியின்றி ஓடும்.

இன்வாய்ஸில் கடையின் பெயரும் எஸ்.எஸ்.எம் பதிவு எண்ணும், தேதி, வாங்கியவர் பெயர், பொருள், அளவு, விலை, கூரியர் கட்டணம், மொத்தம் ஆகியவையும் இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்காரருக்கு மூன்று பொட்டலம் 45 ரிங்கிட், கூரியர் 8 ரிங்கிட் என்றால், 53 என்று ஒரே வரியில் போடாமல் இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டும். பிறகு ஒரு பொட்டலத்துக்குப் பணம் திருப்ப நேர்ந்தால் எவ்வளவு என்பதில் வாதம் வராது. விற்பனை வரிக்குப் பதிவு செய்யாதவர் இன்வாய்ஸில் எஸ்.எஸ்.டி என்று ஒரு தொகையைச் சேர்க்கக்கூடாது. விரிதாளில் இன்வாய்ஸ் தயாரிப்பவர்கள், விலையை விலைப் பட்டியலோடு இணைத்து வைக்காமல், அன்றைய விலையை எண்ணாகவே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் விலையை 16 ஆக்கியதும் பழைய இன்வாய்ஸ்கள் எல்லாம் தாமாகவே மாறிவிடும்.

மின் இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1 அன்று பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குக் கீழே உள்ள சிறு வணிகர்களுக்கு விலக்கு உண்டு. அந்த வரம்பு தொடக்கத்தில் 150,000 ரிங்கிட்டாக இருந்து பின்னர் உயர்த்தப்பட்டிருப்பதால், நடப்பிலுள்ள தொகையை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 1967 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி வணிகப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கைப்பேசி மாறினால் காணாமற்போகும் வாட்ஸ்அப் உரையாடல் அத்தகைய பதிவாகாது. அக்காளின் ஆர்டரைக் கடையில் பதிய இதுவும் ஒரு காரணம்.

எண்ணும் நாள்

மாதத்துக்கு ஒருமுறையாவது அலமாரியைக் கையால் எண்ண வேண்டும். பொட்டலம் கிழிகிறது, ருசி பார்க்க ஒன்று போகிறது, வீட்டுச் சமையலுக்கு ஒன்று போகிறது. எந்த மென்பொருளுக்கும் இது தெரியாது. எண்ணும் நேரம் காலையில், பொட்டலம் கட்டத் தொடங்குவதற்கு முன்பு இருந்தால், கட்டியும் போகாமலும் இருப்பவை குறைவாக இருக்கும்.

எண்ணியதை அப்படியே இணையத்தளத்தின் கையிருப்புக் கட்டத்தில் போட்டுவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. புதன்கிழமை காலை அலமாரியை எண்ணி 16 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையத்தளத்தில் 11 என்று இருக்கிறது. வேறுபாடு பெரிதாகத் தெரிவதால், 16 ஐத் தட்டி 'சரிசெய்துவிட' கை போகும். அப்படிச் செய்தால் அக்காளின் நான்கும் எஃப்.பி.எக்ஸ்காரரின் இரண்டும் இரண்டாம் முறை விற்பனைக்குப் போய்விடும். ஒப்பிட வேண்டியது வேறு: இணையத்தளத்தின் 11 உடன் ஒதுக்கிய 6 ஐக் கூட்டினால் அலமாரியில் 17 இருக்க வேண்டும், இருப்பது 16, ஆகவே காணாதது ஒன்றே ஒன்று. இணையத்தளத்தில் 11 ஐ 10 ஆக்கி, 'ஒரு பொட்டலம் கிழிந்தது' என்று தேதியோடு குறிப்பு எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதலாம். அதே பொருளில் மாதந்தோறும் அப்படி எழுத நேர்ந்தால், பதியாமல் போகும் விற்பனை ஒன்று எங்கோ இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது வாசலில் வந்து வாங்கிப் போகும் பழக்கமானவர்களிடம் இருக்கும்.

திரும்பி வரும் பொருளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்காரர் தமக்கு வந்த மூன்றில் ஒரு பொட்டலம் பிரிந்திருந்ததாகப் படம் அனுப்புகிறார் என்றால், அவருடைய இன்வாய்ஸான INV-0087 ஐ அழிக்கவோ திருத்தவோ கூடாது. அதன் எண்ணைக் குறிப்பிட்டு 15 ரிங்கிட்டுக்குக் கிரெடிட் நோட் ஒன்றை, அதற்குரிய தனி எண் வரிசையில் எழுதிப் பணத்தைத் திருப்ப வேண்டும். வூகாமர்ஸில் பணம் திருப்பும் பக்கத்தில் `Restock refunded items` என்ற கட்டம் முன்பே தேர்வு செய்யப்பட்டிருக்கும். பிரிந்துபோன தூளை யாருக்கும் மீண்டும் விற்க முடியாது என்பதால், பணம் திருப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்தத் தேர்வை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இல்லாத ஒரு பொட்டலம் கணக்கில் ஏறி, அடுத்த ஆர்டருக்குக் காத்திருக்கும்.